"பாதி பாக்ஸைக் கழட்டிட்டோம் டாக்டர்": இது சமரசமே இல்லை, ஏன்னு சொல்றேன்

நீளமான த்ரெட். டெசிபல் பத்தி. திருவிழா சீசன்ல ஒவ்வொரு வருஷமும் இதே சண்டை வருது. ஒரே பதில்தான் கிடைக்குது, அந்தப் பதிலை எல்லாரும் நியாயம்னு நம்புறாங்க. அதனால எழுதுறேன்.

ஆஸ்பத்திரி பக்கத்துல மைக் செட் போடுறாங்க. நாங்க போய்ச் சொல்றோம். ஸ்டேஷன்ல இருந்தும் ஒருத்தர் வர்றார். பேச்சுவார்த்தை நடக்குது. கடைசில கமிட்டிக்காரர் பெருந்தன்மையா சொல்வார்: "சரி சார், உங்களுக்காகப் பத்து பாக்ஸை அஞ்சாக் குறைச்சுக்கறோம்." எல்லாருக்கும் திருப்தி. போலீஸ்காரர் கிளம்பிடுவார். வார்டுக்குத் திரும்பி வந்தா ஒண்ணுமே மாறியிருக்காது. நோயாளியோட அம்மா "நீங்க போய்ச் சொன்னீங்களா இல்லையா தம்பி?"ன்னு கேட்பாங்க.

அவங்க கேட்கறதுல தப்பே இல்லை. பத்தை அஞ்சாக்கினா காதுக்குத் தெரியற வித்தியாசம் வெறும் 3 டெசிபல். கமிட்டிக்காரருக்கு இது தெரியாம இருக்கலாம். மைக் செட் அண்ணனுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் அவர் சண்டையே போடாம சிரிச்சுக்கிட்டே அஞ்சு பாக்ஸைக் கழட்டித் தர்றார்.

(எந்த மதம், எந்தக் கட்சின்னு கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க. கோயில், சர்ச், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம், காதுகுத்து, எழவு வீடு எல்லாத்தையும் பார்த்தாச்சு. பாக்ஸ் ஒரே கடையில இருந்துதான் வருது.)

முதல்ல டெசிபல்னா என்னன்னு பார்த்துடலாம். பயப்படாதீங்க, ரூபாய்ல சொல்றேன்.

நல்ல காது கேட்கக்கூடிய மிக மெல்லிய சத்தம்னு ஒண்ணை வெச்சிருக்காங்க. அதோட செறிவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்ல லட்சம் கோடியில ஒரு பங்கு. அதை 0 டெசிபல்னு வெச்சுக்கிட்டாங்க. நம்ம கணக்குக்கு அது 1 ரூபாய். அதைப் போல பத்து மடங்கு சத்தம் 10 டெசிபல், அதாவது 10 ரூபாய். நூறு மடங்கு 20 டெசிபல், 100 ரூபாய். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பின்னால ஒரு பூஜ்யம் கூடும். அப்படியே போனா 50 டெசிபல் 1 லட்சம். 60 டெசிபல் 10 லட்சம். 70 டெசிபல் 1 கோடி. 120 டெசிபல் 1 லட்சம் கோடி.

அதாவது டெசிபல் பணத்தை எண்ணறதில்லை. பூஜ்யத்தை எண்ணுது. இந்த ஒண்ணு புரிஞ்சாப் போதும்.

இப்ப ரெண்டு ஸ்பீக்கர். ஒவ்வொண்ணும் உங்க வீட்டு வாசல்ல 60 டெசிபல் தருது. சேர்ந்து அடிச்சா எவ்வளவு? நம்ம ஆளுங்களே, சத்தத்தை எதிர்த்து மனு போடறவங்களே, இதுல தடுக்கி விழறாங்க. 120-ன்னு எழுதி வாட்ஸ்அப்ல சுத்த விடறாங்க. உங்ககிட்ட 10 லட்சம், என்கிட்ட 10 லட்சம். சேர்த்தா 20 லட்சம். லட்சம் கோடி எப்படி வரும்? 20 லட்சத்தை டெசிபல்ல சொன்னா 63. அவ்வளவுதான். 120 வரணும்னா 60 டெசிபல் ஸ்பீக்கர் பத்து லட்சம் வேணும். இப்படித் தப்புக் கணக்கோட மனு போனா, எதிர்ப்பக்கம் அதை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு மொத்த மனுவையும் சிரிச்சு ஒதுக்கிடும். அதனால தயவுசெஞ்சு டெசிபலை நேரடியாக் கூட்டாதீங்க.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டா கமிட்டிக்காரரோட பெருந்தன்மை என்னன்னு தெரியும். இரட்டிச்சா 3 கூடும். பாதியாக்கினா 3 குறையும். நடுவுல நிறுத்தாம ஓடிக்கிட்டிருக்கற பாட்டுல 3 டெசிபல் குறைஞ்சதைச் சாதாரண காது கவனிக்கறதே கஷ்டம். "சத்தம் பாதியாச்சு"ன்னு மனுஷ மூளை ஒத்துக்கறதுக்கு ஏறக்குறைய 10 டெசிபல் இறங்கணும். அப்படின்னா ஒரு பூஜ்யம் போகணும். பத்து பாக்ஸ்ல ஒன்பதைக் கழட்டணும். இல்லைன்னா பாக்ஸ் எல்லாம் இருக்கட்டும், ஆம்ப்ல 1000 வாட் போற இடத்துல 100 வாட் போகணும். ஆயிரம் வாட்டை ஐந்நூறாக் குறைக்கறதும், பத்து பாக்ஸை அஞ்சாக் குறைக்கறதும் ஒரே 3 டெசிபல் பிச்சைதான்.

சரி, உண்மையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம்பர் எல்லாம் நானா எடுத்துக்கிட்டது, ஆனா களத்துல சாதாரணமா இருக்கறதுதான்.

ஒரு பாக்ஸ் ஒரு மீட்டர் தூரத்துல 105 டெசிபல் தருதுன்னு வெச்சுக்கங்க. பத்து பாக்ஸ்னா பத்து மடங்கு, ஒரு பூஜ்யம் கூடுது, 115. இப்ப தூரம். சத்தம் ஊதற பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் விரியுது. தூரம் இரட்டிச்சா பலூனோட பரப்பு நாலு மடங்காகுது, அதே சத்தம் நாலு மடங்கு பரப்புல பரவுது, அதனால எந்த ஒரு இடத்துலயும் கால்வாசிதான் மிஞ்சும். கால்வாசின்னா பாதியில பாதி, ரெண்டு தடவை 3, மொத்தம் 6 டெசிபல் குறையும். தூரம் பத்து மடங்கானா பரப்பு நூறு மடங்கு, ரெண்டு பூஜ்யம் போகும், 20 டெசிபல் குறையும். இதுதான் தலைகீழ் இருமடி விதி. பிளஸ் ஒன்ல படிச்சிட்டு மறந்திருப்போம்.

ஆக 1 மீட்டர்ல 115. 10 மீட்டர்ல 95. 100 மீட்டர்ல 75.

இந்த 100 மீட்டரை நான் சும்மா எடுக்கலை. ஒலி மாசு விதிகள் 2000-ல இருக்கற தூரம் அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் சுத்தி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதி மண்டலமா அறிவிக்கலாம். அங்க பகல்ல 50 டெசிபல், ராத்திரி 40-க்கு மேல போகக் கூடாது. (குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. ராத்திரின்னா 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும்.) ஆனா பேச்சுவார்த்தையில யாரும் 50-ஐப் பத்திப் பேச மாட்டாங்க. எல்லாரும் டேப் பிடிச்சு 100 மீட்டரைத்தான் அளப்பாங்க. "நாங்க 102 மீட்டர்ல இருக்கோம் சார்"ன்னு ஒருத்தர் சொல்வார். தூரம் என்ன, அந்தத் தூரம் எவ்வளவு சத்தத்தைத் தின்னும்னு யாரும் கேட்கறதில்லை. நூறு மீட்டர் தின்றது வெறும் 40 டெசிபல். 115-ல இருந்து 40 போனா 75. அனுமதி 50. கோட்டுக்கு வெளியில நின்னு அடிச்சாலும் கோட்டுக்கு உள்ளதான் வந்து விழுது.

இதை ரூபாய்ல மாத்துங்க. 75 டெசிபல்னா சுமார் 3 கோடியே 16 லட்சம். அனுமதி 50 டெசிபல், அதாவது 1 லட்சம். முந்நூத்திப் பதினாறு மடங்கு அதிகம். இப்ப கமிட்டி பாதி பாக்ஸைக் கழட்டுது. மிச்சம் 1 கோடியே 58 லட்சம், 72 டெசிபல். இன்னும் நூத்தி அம்பத்தெட்டு மடங்கு. ஒன்பது பாக்ஸைக் கழட்டி ஒண்ணே ஒண்ணு வெச்சாக்கூட 65 டெசிபல், முப்பது மடங்குக்கு மேல. பாக்ஸ் எண்ணிக்கையில பேரம் பேசி 50-க்கு வரவே முடியாது. வால்யூம் குமிழைத் தொட்டே ஆகணும்.

"அப்ப தள்ளி வைக்கறோம்"னு சொன்னா? அது எண்ணிக்கையைக் குறைக்கறதை விட நல்ல பேரம். நூறு மீட்டரை இருநூறாக்கினா 6 டெசிபல் குறையும், பத்து பாக்ஸை ரெண்டரை பாக்ஸாக்கினதுக்குச் சமம். ஆனா அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. பக்கத்துல இருக்கும்போதுதான் தூரம் மலிவு. 10-ல இருந்து 20-க்குப் போனா பத்து மீட்டர் நடந்து 6 டெசிபல் சம்பாதிக்கறீங்க. அடுத்த 6-க்கு இருபது மீட்டர். நூறுல இருந்தா நூறு மீட்டர். இந்த 75-ஐத் தூரத்தாலயே 50-க்குக் கொண்டு வரணும்னா பாக்ஸ் கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போகணும். நடுவுல கட்டடம், மரம் மறைச்சா கொஞ்சம் சீக்கிரமே குறையும், அதை மறுக்கலை. ரெண்டு பக்கமும் மாடி வீடு நெருக்கியிருக்கற தெருவா இருந்தா சுவர் சுவரா மோதி வந்து, விதி சொல்றதை விட மெதுவாத்தான் குறையும்.

75 டெசிபல்ல வார்டுக்குள்ள என்ன ஆகுதுன்னு கேட்பீங்க. ஜன்னல் திறந்திருக்கற கவர்மெண்ட் வார்டு எங்களுது, சுவர் பெருசா காப்பாத்தாது. ஒரு மீட்டர் தூரத்துல ரெண்டு பேர் சாதாரணமாப் பேசறது சுமார் 60 டெசிபல். அதுக்கு மேல 75 வந்து உட்கார்ந்தா பேச்சை விட முப்பது மடங்கு இரைச்சல். போன்ல ஒரு டோஸ் சொல்றேன்னு வெச்சுக்கங்க. "பதினஞ்சு"க்கும் "அம்பது"க்கும் ஆங்கிலத்துல ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். சிஸ்டர் ரெண்டு தடவை திருப்பிக் கேட்கறாங்க, நான் கத்தறேன். ஸ்டெத் வெச்சா ஒரு குழந்தையோட நெஞ்சுல லேசான வீசிங் இருக்கா இல்லையான்னு தெரியாது. வார்டு கடைசில இருக்கற மானிட்டர் அலாரம் அடிச்சது நர்ஸ் மேஜைக்குக் கேட்காது. வார்டுக்குள்ள ராத்திரி 30 டெசிபல் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1999 வழிகாட்டுதல்லயே சொல்லியிருக்கு. 30-ன்னா ஆயிரம் ரூபாய். நாங்க கோடியில இருக்கோம்.

அடுத்த சாக்கு இது: "ரோட்டுல ஏற்கனவே 70 இருக்கு டாக்டர். நாங்க போட்ட பிறகு 73. மூணுதான் கூடியிருக்கு." இதைக் கேட்டு அதிகாரிங்களே தலையாட்டறதைப் பார்த்திருக்கேன். திரும்ப ரூபாய்க்கு வாங்க. 70-ன்னா 1 கோடி. 73-ன்னா 2 கோடி. புதுசா வந்தது எவ்வளவு? 1 கோடி. அதாவது அந்த ரோட்டுல ஓடற பஸ், லாரி, ஹார்ன் எல்லாம் சேர்ந்து போடற சத்தத்தை ஸ்பீக்கர் தனியாளா இன்னொரு தடவை போட்டிருக்கு. "மூணுதான்"னு அவர் சொன்னது ஒரு முழு ரோட்டை.

இதுல இருந்தே அளக்கற முறையும் வருது. ஸ்பீக்கர் ஓடும்போது ஒரு அளவு, அதே இடத்துல நின்னு நிறுத்தினதும் ஒரு அளவு, ரெண்டும் எடுங்க. வித்தியாசம் 10-க்கு மேல இருந்தா மீட்டர் காட்டற முழுசும் ஸ்பீக்கரோடதுதான், பின்னணி அதுல அரை டெசிபல் கூடச் சேர்க்கலை. வித்தியாசம் 3-ன்னா ரெண்டும் சரிபாதி. நிறுத்தி அளக்காம ஓடும்போது மட்டும் எடுத்த நம்பரை எதிராளி ரோட்டு மேல தூக்கிப் போட்டுடுவார். போன் ஆப்பை முழுசா நம்பாதீங்க. ஒவ்வொரு போன் மைக்கும் ஒவ்வொரு மாதிரி, சத்தம் ரொம்ப அதிகமானா திணறி ஒரு நம்பர்ல நின்னுடும். ஆனா ஒரே போன், ஒரே இடம், ஆன், ஆஃப்னு எடுத்தா அந்த வித்தியாசம் ஓரளவு உதவும். புகாரைப் பதிவு பண்ண அளவீடு செஞ்ச மீட்டர்தான் வேணும்.

இன்னொண்ணு: மீட்டர் காட்டறது பெரும்பாலும் dB(A). அது நம்ம காது மாதிரியே தாழ்ந்த சுருதியைக் கம்மியா மதிக்கும். 63 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்துல 26 டெசிபலைக் கழிச்சுட்டுத்தான் கணக்குல சேர்க்கும். அதனாலதான் ஜன்னல் கண்ணாடி அதிரும்போதும் "மீட்டர்ல கம்மியாத்தான் சார் இருக்கு"ன்னு சொல்ல முடியுது. சுவரும் பேஸை அவ்வளவாத் தடுக்காது.

இப்ப குழாய் ஸ்பீக்கர் விஷயம். தெரு முழுக்க கம்பத்துக்குக் கம்பம் கட்டுவாங்களே, அது. எண்ணிக்கைப் பேரம் இங்கதான் இன்னும் பெரிய மோசடி ஆகுது.

இருபது மீட்டருக்கு ஒண்ணு, மொத்தம் இருபத்தொண்ணு. உங்க வீடு தெரு நடுவுல, எதிர்க் கம்பத்துல இருக்கறது ஜன்னல்ல இருந்து 10 மீட்டர். எல்லாமே ஒரு மீட்டர்ல 105-ன்னு வெச்சா, எதிர்ல இருக்கறது மட்டும் உங்களுக்கு 85 தருது. இருபத்தொண்ணும் சேர்ந்தா? கணக்குப் போட்டா சுமார் 87. மிச்ச இருபது ஸ்பீக்கரும் சேர்ந்து உங்களுக்குச் சேர்த்தது 2 டெசிபல். தூரத்துல இருக்கறதை எல்லாம் தலைகீழ் இருமடி விதி ஏற்கனவே தின்னுடுச்சு. ஆக கமிட்டி வந்து "இருபத்தொண்ணுல இருபதைக் கழட்டிட்டோம்"னு சொன்னாலும், கழட்டாம விட்டது உங்க எதிர்க் கம்பமா இருந்தா உங்களுக்கு 2 டெசிபல்தான் லாபம்.

"அப்ப என் எதிர்ல இருக்கறதை மட்டும் கழட்டிடுங்க"ன்னு கேட்டா? 87-ல இருந்து 83. பக்கத்துக் கம்பம் ரெண்டும் விடாது. அதோட, கழட்டினதைப் பக்கத்து வீட்டுக்கு எதிர்ல கட்டுவாங்க. இந்த ஏற்பாட்டோட தந்திரமே இதுதான். தூரம்ங்கற ஒரே பாதுகாப்பை யாருக்கும் கிடைக்காமப் பண்ணிடுது. தெருவுல எந்த வீட்டுக்கும் ஒரு ஸ்பீக்கர் பதினஞ்சு மீட்டருக்குள்ள இருக்கும்.

ஆனா நிறைய ஸ்பீக்கர் வைக்கறதே தப்புன்னு நான் சொல்லலை. ஒரே இடத்துல இருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கறவருக்கு 70 டெசிபல் கேட்கணும்னா, ஸ்பீக்கர் ஒரு மீட்டர்ல 110 கத்தணும். பக்கத்துல நிக்கறவர் காது போகும். அதையே அஞ்சு மீட்டருக்கு மட்டும் கேட்கற மாதிரி நிறைய சின்ன ஸ்பீக்கரா வெச்சா, ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர்ல 84 கொடுத்தாப் போதும். ரயில்வே பிளாட்பாரத்துல தலைக்கு மேல வரிசையா இருக்கறது இந்தக் கணக்குதான். நம்ம ஊர்ல எண்ணிக்கையைக் கூட்டினாங்க, ஒவ்வொண்ணோட வால்யூமைக் குறைக்க மறந்துட்டாங்க. மறந்தாங்களா, வேணும்னேவான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

எதிர்த்தரப்புக்கும் நியாயமா இருக்கணும், அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரே பாட்டு ஓடற பேஸ் பாக்ஸ் ரெண்டை ஒட்டி வெச்சா, தாழ்ந்த சுருதியில ரெண்டு அலையும் கை கோத்துக்கும். அங்க இரட்டிச்சா 3 இல்லை, 6 வரைக்கும் கூடும். அதனால பேஸ் பாக்ஸ் அடுக்கைப் பாதியாக்கினா பேஸ் மட்டும் கொஞ்சம் நல்லாவே இறங்கும். அதோட என் ஒரு மீட்டர் கணக்கு அடுக்குக்கு ஒட்டி நிக்கறவருக்குப் பொருந்தாது. அடுக்கோட உயரத்தை விடச் சில மடங்கு தள்ளி வந்த பிறகுதான் விதி ஒழுங்கா வேலை செய்யும்.

ரெண்டாவது முக்கியம். காதுக்குத் தெரியாத அந்த 3 டெசிபல், காது நரம்புக்குத் தெரியும். உள்காதுல இருக்கற முடி செல்கள் சத்தத்தை ரூபாய்லதான் எண்ணும், பூஜ்யத்துல இல்லை. அமெரிக்காவுல நியோஷ் நிறுவனம் தொழிலாளிகளுக்குப் பரிந்துரைக்கற வரம்பு 85 டெசிபல்ல 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிஷம். நம்ம பத்து பாக்ஸ் முன்னாடி ஆறு மீட்டர்ல ஆடற பையனுக்கு சுமார் 100 டெசிபல். அவனோட ஒரு நாள் கணக்கு மூணு பாட்டுல முடிஞ்சுது. அஞ்சு பாக்ஸாக்கினா 97, அரை மணி நேரம். ஆக பாதியாக்கினது அவனுக்கு நிஜமாவே இரட்டிப்பு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கு. ஆனா அவன் ஆடறது மூணு மணி நேரம். மறுநாள் "காதுல ங்ஙொய்னு ஒரு சத்தம் சார்"னு ஓபிக்கு வருவான். பல பேருக்கு ரெண்டு நாள்ல சரியாகும். செத்துப்போன முடி செல் மறுபடி முளைக்காது, இதுக்கு மாத்திரையும் கிடையாது. மைக் செட் அண்ணன் நம்ம கேள்விக்கு எப்பவும் "என்ன?"ன்னு திருப்பிக் கேட்கறாரே, கவனிச்சிருக்கீங்களா? அவருக்குத் திருவிழா வருஷத்துக்கு ஒண்ணு இல்லை, வாரத்துக்கு நாலு.

அதனால அடுத்த தடவை பேச்சுவார்த்தைக்குப் போறவங்க பாக்ஸை எண்ணாதீங்க. "எத்தனை பாக்ஸ்?"ங்கற கேள்விக்கே உட்காராதீங்க. "ஆஸ்பத்திரி வாசல்ல மீட்டர் எவ்வளவு காட்டும், யார் அளப்பா, எத்தனை மணிக்கு?"ன்னு கேளுங்க. பொது இடத்துல ஸ்பீக்கர் வைக்கறவங்களுக்கு அந்த இடத்தோட எல்லையில 75 டெசிபல், இல்லைன்னா அந்தப் பகுதி வரம்புக்கு மேல 10, ரெண்டுல எது குறைவோ அதுன்னு அதே விதிகள்ல இருக்கு. குடியிருப்புப் பகுதியில பகல்ல அது 65. அனுமதிக் கடிதத்துல பாக்ஸ் எண்ணிக்கைக்குப் பதிலா இந்த நம்பரை எழுதச் சொல்லுங்க. ஆம்ப் குமிழ் எங்க நின்னா வாசல்ல அந்த அளவு வருதுன்னு சாயங்காலமே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அந்த இடத்துல மார்க்கர்ல கோடு போட்டுட்டு வாங்க. குழாய் ஸ்பீக்கரோட வாயை ஆஸ்பத்திரிக்கு எதிர்த் திசையில திருப்பச் சொல்லுங்க, உச்ச சுருதி நல்லாக் குறையும், காசும் ஆகாது. ராத்திரி 10 மணிக்கு நிறுத்தறதுல பேரமே வேண்டாம்.

"குறைச்சுட்டோம்"னு சொன்னா எத்தனை டெசிபல்னு கேளுங்க. பத்துக்குக் கீழன்னா அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.